ட்ரிப் ஆகவில்லை என்றால் லோடு சரியா?

சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிபோன என் அண்ணன் மகள், வாட்ஸ்அப்பில் ஏழு படங்கள் அனுப்பியிருந்தாள். ஆறு படங்களில் சமையலறைச் சாமான்களின் லேபிள்கள். ஏழாவதில் டிபி பாக்ஸும் அதற்குள் இருக்கும் எம்.சி.பி.க்களும். கூடவே ஒரு செய்தி: “சித்தப்பா, எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டேன். 3,680 வாட்டுக்குள்ளதான் வருது. ஆனாலும் கிச்சன் எம்.சி.பி. அப்பப்போ ட்ரிப் ஆகுது. அது கெட்டுப்போச்சா? மாத்திடலாமா?”

வீட்டு ஒயரிங் வேலையிலேயே இருப்பவன் என்பதால் இப்படிப் படங்கள் எனக்கு அடிக்கடி வரும். போன் கையில் வந்தபிறகு இது ஒரு நல்ல பழக்கமாகியிருக்கிறது. முன்பெல்லாம் ஃபிரிட்ஜை இழுத்து, குனிந்து, டார்ச் அடித்துப் படிக்க வேண்டியதை இப்போது கையை மட்டும் பின்னால் நீட்டிப் படம் எடுத்துவிடலாம். கூட்டல் கணக்கும் கஷ்டமில்லை. ஆனால் எந்த எண்ணைக் கூட்டுவது, கூட்டி வந்த தொகையை எதோடு ஒப்பிடுவது என்ற இரண்டு இடத்திலும் நன்றாகப் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். அவளும் இரண்டு இடத்திலும் விழுந்திருந்தாள்.

முதலில் எம்.சி.பி. படத்தைப் பார்த்தேன். டிபி பாக்ஸைத் திறந்ததும் கண்ணில் படுவது அகலமான ஒரு சுவிட்ச். அதில் 40 என்று பெரிதாக எழுதியிருக்கும். சிலர் அதையே வீட்டின் தாங்கும் அளவு என்று எடுத்துக்கொண்டு 40 ஆம்பியரை வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். பல வீடுகளில் அந்த அகல சுவிட்ச் வெறும் ஐசொலேட்டர். கையால் அணைக்கத்தான் அது இருக்கிறது. எவ்வளவு லோடு ஏறினாலும் தானாக விழாது. அதன் பக்கத்தில் ‘டெஸ்ட்’ பட்டனோடு 40 ஆம்ப், 30 மில்லி ஆம்ப் என்று எழுதிய இன்னொன்று இருந்தால் அது ஆர்.சி.சி.பி. கரன்ட் கசிந்து மனிதரைத் தாக்கும்போது விழுவதுதான் அதன் வேலை. லோடு கூடினால் அதுவும் விழாது. லோடுக்காக விழுவது எம்.சி.பி. மட்டுமே. அதன் முகத்தில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும்: C16, B6, C32 என்று. ஏழாவது படத்தில் சமையலறைக்கு உரியதில் C16 என்று தெளிவாக இருந்தது. அதுவரைக்கும் அவள் சரி.

அந்த 16, ஆம்பியர் கணக்கு. லேபிளில் பெரும்பாலும் வாட் இருக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். நம் வீடுகளுக்கு வருவது பெயரளவில் 230 வோல்ட். ஆகவே 16 ஐ 230 ஆல் பெருக்கினால் 3,680 வாட். அவள் சொன்ன எண் இதுதான். எல்லாவற்றையும் வாட்டில் கூட்டி 3,680 உடன் ஒப்பிடுவதைவிட, ஒவ்வொன்றையும் ஆம்பியராக மாற்றிக் கூட்டுவதே எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் மோட்டார் உள்ள சில சாமான்களின் லேபிளில் வாட்டே இருக்காது, ஆம்பியர் மட்டும்தான் இருக்கும். எம்.சி.பி.யும் வாட்டைப் பார்ப்பதில்லை, தன் வழியாகப் போகும் ஆம்பியரைத்தான் பார்க்கிறது.

இனி அவள் கூட்டிய கணக்கு. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், மைக்ரோவேவ் 800, மிக்ஸி 750, தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் 60, ஃபிரிட்ஜ் 10. மொத்தம் 3,620. எலக்ட்ரிக் கெட்டிலை அவள் சேர்க்கவில்லை. “அது அஞ்சு நிமிஷம்தானே சித்தப்பா ஓடுது” என்றாள். 3,680 க்கு 60 வாட் குறைவாக இருப்பதால் கணக்கு பாஸ் ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

மைக்ரோவேவ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லேபிளில் இரண்டு வாட் இருந்தது. அவுட்புட் என்ற சொல்லுக்கு எதிரே 800. அதற்கு மேல் வரியில் சிறிய எழுத்தில் இன்புட் 1,250. 800 என்பது உணவுக்குள் போய்ச் சேரும் சூடு. கடையில் விற்கும்போதும் அதைத்தான் சொல்வார்கள், சமையல் குறிப்புகளிலும் அதுதான் வரும். ஆனால் அந்த 800 ஐ உண்டாக்க மைக்ரோவேவ் சுவரிலிருந்து இழுப்பது 1,250. மிச்சம் 450 வாட் உள்ளே மேக்னட்ரான் சூடாவதிலும், அதைக் குளிரவைக்கும் மின்விசிறியிலும், விளக்கிலும், தட்டைச் சுற்றும் மோட்டாரிலும் போய்விடுகிறது. எம்.சி.பி.க்கு 1,250 தான் கணக்கு. லேபிளில் இரண்டு எண் இருந்தால் இன்புட்டைத்தான் எடுக்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் நடந்தது வேறு. அதன் லேபிளில் வாட் என்று தேடியவளுக்குக் கிடைத்த ஒரே எண் 10. அது கதவைத் திறந்தால் எரியும் விளக்கு அதிகபட்சம் எத்தனை வாட் இருக்கலாம் என்பதற்கான குறிப்பு. ஃபிரிட்ஜ் இழுக்கும் கரன்ட் இரண்டு வரி தள்ளி 1.0 ஆம்ப் என்று தனியாக இருந்தது. வேறு சிலர் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அதில் இருப்பது வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு. கரன்ட் பில்லுக்கு அது உதவும், எம்.சி.பி.க்கு உதவாது. வருடத்துக்கு 175 யூனிட் எடுக்கும் ஃபிரிட்ஜை ஒரு வருடத்தின் 8,760 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 20 வாட் வரும். ஆனால் கம்ப்ரசர் ஓடும்போது இழுப்பது அதைப்போல் பல மடங்கு. எம்.சி.பி. சராசரியைப் பார்ப்பதில்லை, அந்த நேரத்தில் ஓடுவதைத்தான் பார்க்கும்.

இப்படி ஏமாற்றும் லேபிள்கள் இன்னும் சில உண்டு. ஏ.சி.யின் லேபிளில் 5,000 வாட்டுக்கு மேல் பார்த்துப் பயந்துபோய்க் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தின் அளவு. இழுக்கும் கரன்ட் அதைவிட எவ்வளவோ குறைவு, தனி வரியில் இருக்கும். ஒரு ஹெச்.பி. மோட்டாரை 746 வாட் என்று எடுப்பது இதற்கு நேர்மாறான தவறு. அது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் சக்தி. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். மோட்டாரில் ஆம்பியர் எழுதியிருந்தால் வேறு எதையும் பார்க்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜர், மோடம் அடாப்டர் போன்றவற்றிலும் இன்புட்டுக்கு எதிரே இருக்கும் ஆம்பியர்தான் கணக்கு. அது மிகச் சிறியதாக இருக்கும்.

படம் எடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வெள்ளி நிற லேபிள் மீது ஃபிளாஷ் அடித்தால் எண்கள் வெளுத்துவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவரை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பொறித்த எழுத்துகள்கூட நிழலோடு எழுந்து தெரியும். லேபிளின் நான்கு மூலையும் படத்துக்குள் வர வேண்டும். எண் மட்டும் தெரியும்படி நெருக்கி எடுத்தால், அது இன்புட்டா அவுட்புட்டா என்று சொல்லும் வார்த்தை வெளியே போய்விடும். மிக்ஸிக்கும் இண்டக்‌ஷனுக்கும் லேபிள் அடிப்பக்கம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடித் தட்டின் சூடு ஆறியபிறகு திருப்புங்கள். எண்ணெயும் மாவும் படிந்த லேபிளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு எடுத்தால் 6 எது, 8 எது என்ற சந்தேகம் வராது. மிக மோசமான பிழை புள்ளியில் வருகிறது. 1.0 இல் புள்ளி அழிந்தால் 10 ஆகிவிடும். லேபிளில் வாட்டும் ஆம்பியரும் இரண்டுமே இருந்தால் சரிபார்க்க எளிய வழி உண்டு: ஆம்பியரை 230 ஆல் பெருக்குங்கள். வருவது வாட்டுக்குப் பக்கத்திலோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ இருந்தால் சரியாகப் படித்திருக்கிறீர்கள். பத்து மடங்கு வித்தியாசம் வந்தால் புள்ளியைத் தேடுங்கள்.

இப்போது அவள் கணக்கைத் திருத்தி ஆம்பியரில் போடலாம். இண்டக்‌ஷன் 8.7, மைக்ரோவேவ் 5.4, ஃபிரிட்ஜ் 1.0, ஆர்.ஓ. மெஷின் 0.3, மிக்ஸி 3.3. மொத்தம் 18.7 ஆம்பியர். அவள் எண்களின்படி 15.7 என்று வந்து 16 க்குள் அடங்கிய அதே சாமான்கள், லேபிளைச் சரியாகப் படித்ததும் மூன்று ஆம்பியர் கூடிவிட்டன. இதில் கெட்டில் இன்னும் சேரவில்லை. கெட்டில் 1,500 வாட், 6.5 ஆம்பியர். அதையும் சேர்த்தால் 25.2.

மோட்டாரின் ஆம்பியரையும் ஹீட்டரின் ஆம்பியரையும் இப்படி நேரடியாகக் கூட்டுவது பொறியியல்படி துல்லியமில்லை. உண்மையான தொகை இதைவிடச் சற்றுக் குறையும். வீட்டுக் கணக்குக்கு அந்தப் பிழை நமக்குச் சாதகமான பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கூட்டுவதற்கு முன்னால் ஒன்றை நிச்சயப்படுத்திக்கொள்ளச் சொன்னேன். இந்த ஆறும் அந்த ஒரே எம்.சி.பி.யில்தான் இருக்கின்றனவா? சமையலறையில் இருப்பதாலேயே ஒரே லைனில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஃபிரிட்ஜ் பிளக் ஹாலின் லைனிலிருந்து வந்திருக்கலாம். பால்கனியில் இருக்கும் வாஷிங்மெஷின் சமையலறை லைனைப் பங்குபோடலாம். இதைக் கண்டுபிடிக்க அந்த ஒரு எம்.சி.பி.யை மட்டும் இறக்கிவிட்டு, சார்ஜரோடு போனை எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ள ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் செருகிப் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறாத பாயிண்ட் எல்லாம் அந்த லைன். அவள் பார்த்தாள். ஆறும் அதிலேயே இருந்தன.

அப்படியானால் 16 ஆம்ப் எம்.சி.பி.யில் 18.7 ஓடியும் தினமும் ஏன் ட்ரிப் ஆகவில்லை? 25 வந்தபோதும் சில நாள் மட்டும் ஏன் விழுந்தது? “16 ன்னா 16 தாண்டினதும் விழுந்துடணும்தானே?” என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. எம்.சி.பி. முகத்தில் ஐ.எஸ்./ஐ.இ.சி. 60898 என்று ஒரு தர எண் பொடி எழுத்தில் இருக்கும். பதில் அதில் இருக்கிறது.

எம்.சி.பி.க்குள் இரண்டு விதமான காவல் உண்டு. ஒன்று, ஈருலோகப் பட்டை. கரன்ட் அதன் வழியாகப் போகப்போக, தோசைக்கல்லைப் போல் மெல்லச் சூடேறி, சூடேறிய அளவுக்கு வளையும். போதுமான அளவு வளைந்ததும் கொக்கியைத் தட்டிவிடும். லோடு கூடுவதைக் கவனிப்பது இதுதான். இன்னொன்று, ஒரு காயில். ஷார்ட் சர்க்யூட் ஆகி கரன்ட் பல மடங்கு பாயும்போது அது நொடியின் ஒரு சிறு பகுதியிலேயே காந்தமாகி இழுத்துவிடும். எண்ணுக்கு முன்னால் இருக்கும் C என்ற எழுத்து இந்தக் காயிலைப் பற்றியது: ஐந்து மடங்கிலிருந்து பத்து மடங்குக்குள் அது பாய வேண்டும். 16 ஆம்புக்கு அது 80 முதல் 160 ஆம்பியர். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் புறப்படும்போது ஒரு கணம் இழுக்கும் கூடுதல் கரன்டுக்கு விழாமல் இருப்பதும் இதனால்தான்.

ஈருலோகப் பட்டைக்குத் தர விதி கொடுத்திருக்கும் எல்லைகளைப் பாருங்கள். குறித்த எண்ணைப்போல் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் கண்டிப்பாக விழ வேண்டும். 16 ஆம்புக்கு இவை 18.1 மற்றும் 23.2 ஆம்பியர். அதாவது 18 வரைக்கும் அந்த எம்.சி.பி. அசையாமல் நிற்பதுதான் விதிப்படி சரி. 18 க்கும் 23 க்கும் நடுவில் அது விழலாம், விழாமலும் இருக்கலாம். இரண்டுமே அதன் தவறு இல்லை. 23 ஐத் தாண்டினாலும் ஒரு மணி நேரம் வரை அவகாசம் இருக்கிறது. 2.55 மடங்கு, அதாவது 40.8 ஆம்பியர் ஓடினால்தான் ஒரு நிமிடத்துக்குள் விழ வேண்டும் என்று விதி கேட்கிறது.

இந்த எல்லைகளை அவள் வீட்டுக் காலை நேரத்தின் மீது வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். இண்டக்‌ஷனில் சாம்பார், மைக்ரோவேவில் பால், ஃபிரிட்ஜ், ஆர்.ஓ.: 15.4 ஆம்பியர். சரியாக விளிம்பில் நிற்கிறது. கெட்டிலைப் போட்டால் 21.9. விழலாம், விழாமலும் இருக்கலாம் என்ற நடுப்பகுதி. ஒன்றரை லிட்டர் தண்ணீர் 1,500 வாட் கெட்டிலில் கொதிக்க ஐந்து நிமிடம் போதும். பட்டை போதுமான அளவு வளைவதற்குள் கெட்டில் அணைந்துவிடும். பெரும்பாலான நாள் நடந்தது இதுதான். என்றைக்காவது அந்த ஐந்து நிமிடத்துக்குள் சட்னிக்கு மிக்ஸியையும் போட்டால் 25.2. ஏற்கெனவே சூடேறிப் பாதி வளைந்திருக்கும் பட்டைக்கு அது போதும், விழுந்துவிடும். விழுந்த உடனே தூக்கினால் நிற்காது. பட்டை ஆறி நிமிர வேண்டும். அது கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை, சொன்னபடி வேலை செய்கிறது என்பதற்குத்தான் அடையாளம்.

சென்னை வெயிலும் இதில் சேர்ந்துகொள்ளும். மேலே சொன்ன எல்லைகள் எம்.சி.பி.யைச் சுற்றி 30 டிகிரி சூடு இருக்கும்போது உள்ளவை. மே மாதத்தில், மூடிய டிபி பாக்ஸுக்குள், பக்கத்திலேயே ஏ.சி. எம்.சி.பி.யும் சூடாகிக்கொண்டிருக்கும்போது, அந்த 16 சில சதவீதம் குறைந்த எண்ணாகவே நடந்துகொள்ளும். மார்கழியில் விழாத லோடுக்குச் சித்திரையில் விழுவது இதனால்தான். வோல்டேஜும் ஒரு காரணம். கெட்டில் போன்ற சாதாரண ஹீட்டருக்கு 230 க்குப் பதில் 245 வோல்ட் வந்தால், அது லேபிளில் உள்ள 1,500 ஐ விட்டுவிட்டு 1,700 வாட் இழுக்கும்.

“அப்போ 32 ஆம்ப் போட்டுட்டா ட்ரிப்பே ஆகாதுல்ல? இங்க வந்த எலக்ட்ரீஷியன் அதைத்தான் சொன்னார்” என்றாள். இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வருகிறது. ட்ரிப் ஆகாது என்பது உண்மை. 32 ஆம்ப் எம்.சி.பி. 36 ஆம்பியர் வரைக்கும் அசையாது. 46 ஐத் தொட்டால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழும். அவள் வீட்டுச் சமையலறையில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் 25 தான். அந்த எம்.சி.பி.க்கு அது ஒரு லோடே இல்லை. ஆனால் சுவருக்குள் இருக்கும் ஒயர் மாறவில்லையே.

எம்.சி.பி.யில் இருக்கும் எண் சாமான்களுக்காகப் போட்டதில்லை. அதன் பின்னால் சுவருக்குள் ஓடும் ஒயருக்காகப் போட்டது. டிபி பாக்ஸை எலக்ட்ரீஷியன் திறக்கும்போது, ஒயரின் உறை மீது சதுர மில்லிமீட்டரில் அதன் தடிமன் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். 16 ஆம்ப் பிளக் லைனுக்கு நம் வீடுகளில் வழக்கமாகப் போடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். குழாய்க்குள் சுவரில் புதைந்து போகும்போது அது தாங்குவது சுமார் 20 ஆம்பியர். ஒரே குழாயில் நாலைந்து ஒயர் நெருக்கிப் போயிருந்தால் இன்னும் குறையும். அதன் மீதுள்ள பி.வி.சி. உறை 70 டிகிரி வரைக்கும்தான் நீண்ட நாள் நிலைக்கும். 25 ஆம்பியர் தினமும் ஓடினால் அன்றைக்கே தீப்பிடிக்காது. உறை சூட்டில் இறுகி, நொறுங்கும் பதத்துக்கு வரும். அது நடப்பது சுவருக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல். 16 இருந்தவரைக்கும் அது விழுந்தாவது எச்சரித்தது. 32 போட்டதும் எச்சரிக்க ஆளில்லை. எம்.சி.பி.யைப் பெரிதாக்க வேண்டுமென்றால் முதலில் ஒயர் பெரிதாக வேண்டும். மாற்றிப் போடச் சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் “ஒயர் எத்தனை எம்.எம்.ண்ணா?” என்று கேட்டு, அவர் உறையைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, பார்க்காமலே சொல்கிறாரா என்று கவனித்தால் போதும்.

எம்.சி.பி. நிஜமாகவே கெட்டிருக்கவும் கூடும். கணக்குப்படி பத்து ஆம்பியர் மட்டும் ஓடும்போதே அது திரும்பத் திரும்ப விழுந்தால் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அதன் திருகு. ஒயரைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருந்தால் அந்த இடமே சூடாகி, அந்தச் சூடு பட்டைக்கும் ஏறிவிடும். திருகின் அருகே உறை பழுப்பேறியிருப்பதை வைத்து எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்துவிடுவார்.

எம்.சி.பி.யால் கவனிக்க முடியாத ஒன்றும் அவள் அனுப்பிய படங்களில் இருந்தது. கெட்டிலின் லேபிள் படத்தின் ஓரத்தில் பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் செருகுவதற்கான கன்வெர்ட்டர் பிளக் தெரிந்தது. சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்புக்கு உரியது, 230 வோல்டில் 1,380 வாட். 1,500 வாட் கெட்டிலே அதற்கு அதிகம். இன்னொரு நாள் யாராவது அதே கன்வெர்ட்டரில் இண்டக்‌ஷனைச் செருகினால் 8.7 ஆம்பியர் போகும். 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது பாதி லோடுதான், எதுவும் செய்யாது. ஆனால் 6 ஆம்ப் பாயிண்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிப்புகள் சூடேறித் தளரும். தளர்ந்தால் தொடுதல் குறைந்து இன்னும் சூடேறும். பிளக்கைப் பிடுங்கியதும் பின்கள் விரல் வைக்க முடியாத சூட்டில் இருப்பது, துளைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம், கருகிய பிளாஸ்டிக் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாயிண்டை விட்டுவிட வேண்டும். அதனால் கணக்கை இரண்டு தடவை போட வேண்டியிருக்கிறது. எம்.சி.பி.க்கு மொத்தத் தொகை, ஒவ்வொரு பாயிண்டுக்கும் அதில் செருகியதன் தொகை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதன் மீது எழுதியிருக்கும் ஆம்பியருக்கும் தனியாக.

அப்படியானால் 16 இல் எவ்வளவு வரை போகலாம்? நம் நாட்டு ஒயரிங் நெறிமுறையில் ஒரு பவர் லைனுக்கு 3,000 வாட், அதில் இரண்டு பாயிண்டுக்கு மேல் வேண்டாம் என்ற வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். வெயிலுக்கும், வோல்டேஜ் ஏறுவதற்கும், லேபிளில் வராத சில்லறைகளுக்கும் மிச்சம் மூன்று ஆம்பியர். நீண்ட நேரம் ஓடும் லோடுக்கு நான் இந்த 13 ஐத்தான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன். ஐந்து நிமிடம் ஓடும் கெட்டிலால் சிறிது நேரம் 16 ஐத் தொட்டால் பரவாயில்லை.

லேபிள் கணக்கை மீட்டர் வைத்தும் சரிபார்த்தோம். எலக்ட்ரீஷியன் ஒருவர் டிபி பாக்ஸைத் திறந்து, சமையலறை லைனின் பேஸ் ஒயரை மட்டும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட்டார். நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். மூடி திறந்த பாக்ஸில் செய்யும் வேலை என்பதால் இதை வீட்டுக்காரர்கள் தாமாகச் செய்யக்கூடாது. இண்டக்‌ஷனை முழு அளவில் வைத்து, மைக்ரோவேவில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, கெட்டிலையும் போட்டபோது மீட்டர் 21 க்குச் சற்றுக் கீழே காட்டியது. எங்கள் கணக்கில் 21.9. அந்த நேரம் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடவில்லை. கெட்டில் கொதித்து முடியும்வரை எம்.சி.பி. விழவே இல்லை.

வேலை அதன்பின் எளிதாக முடிந்தது. டிபி பாக்ஸில் காலியாக இருந்த ஓர் இடத்தில் இன்னொரு C16 போட்டு, 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன் இழுத்து, இரண்டு 16 ஆம்ப் பாயிண்டுகள் வைத்தார்கள். மைக்ரோவேவும் கெட்டிலும் அதற்கு மாறின: 11.9 ஆம்பியர். பழைய லைனில் இண்டக்‌ஷன், மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஆர்.ஓ. மட்டும் நின்றன: 13.3. கன்வெர்ட்டர் பிளக்கை அவளே தூக்கிப்போட்டுவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கடையிலிருந்தே ஒரு படம் அனுப்பினாள். ஏர் ஃபிரையரின் அடிப்பக்க லேபிள், 1,400 வாட். “6.1 ஆம்ப் சித்தப்பா. புது லைன்ல கெட்டிலும் மைக்ரோவேவும் ஓடும்போது இதையும் போட்டா 18. ட்ரிப் ஆகாது, ஆனா போடக்கூடாது. சரியா?” சரி என்று எழுதினேன். மைக்ரோவேவோடு மட்டும் என்றால் 11.5, அது போடலாம். கெட்டிலை முன்னாலேயே கொதிக்க வைத்துவிடு, இரண்டு பாயிண்டில் மூன்றைச் செருக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வாங்காதே என்றேன்.